மரமா, பைபரா, அலுமினியமா: மணற்கரையில் இழுபடும் படகின் அடிப்பாகம்

கனடாவில் வசிக்கும் உறவினர் ஒருவர் எங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்திற்கு இரண்டு சிறு படகுகள் வாங்கித் தர முன்வந்தபோது, அவற்றை அலுமினியத்தில் செய்தால் என்ன என்று கேட்டிருந்தார். அவர் வாழும் பகுதியின் ஏரிகளில் மீன்பிடிப்போர் பலர் அலுமினியப் படகையே வைத்திருக்கிறார்கள் என்றும், அது உடைவதில்லை, உக்குவதில்லை, வர்ணம்கூடப் பூசத் தேவையில்லை என்றும் எழுதியிருந்தார். சங்கக் கூட்டத்தில் அதை வாசித்தபோது இளையவர்கள் பலர் ஆர்வப்பட்டார்கள். மூத்தவர்கள் இருவர் மரத்தைப் போல எதுவும் வராது என்றார்கள். மற்றவர்கள், கண்ணாடியிழையை ரெசின் என்ற இறுகும் பசையில் தோய்த்துச் செய்யும் வழக்கமான பைபர் படகே போதும் என்றார்கள். மூன்று பக்கத்திலும் நியாயம் இருந்ததால் அந்தக் கேள்வி எனக்குள் நெடுநாள் அடங்கவில்லை. விலைப்பட்டியல்களைச் சேர்த்துப் பார்த்தால் முடிவு கிடைத்துவிடும் என்றுதான் எல்லோரும் பேசினோம். ஆனால் படகின் விலை ஒருமுறை கொடுக்கப்படுவது. அது கரையில் உடைந்து கிடக்கும் நாட்களின் விலையோ ஆண்டுதோறும் கொடுக்கப்படுவது. ஆகவே எந்தப் பொருள் நல்லது என்பதைவிட, எந்தப் பொருளை எங்கள் கரையில், எங்கள் ஊரவர் கையால், எந்த மாதத்தில் ஒழுங்காகத் திருத்த முடியும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி என்று நான் கருதுகிறேன்.

முல்லைத்தீவுக்குத் தெற்கே அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்கிளாய் என்று நீளும் கரை பெரும்பாலும் திறந்த மணற்கரை. தொழில் முடிந்ததும் படகை அலைக்கு மேலே மணலில் இழுத்து ஏற்ற வேண்டும். ஆட்கள் தோள் கொடுத்தோ, உழவு இயந்திரத்தால் இழுத்தோ ஏற்றுகிறார்கள். அப்படி இழுபடும்போது படகின் பாரம் முழுவதும் ஏராவின் மேல், அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புப் பகுதியின் மேல், இறங்குகிறது. எங்கள் படகுகள் கடலில் தேய்வதைவிடக் கரையிலேயே அதிகம் தேய்கின்றன. மேற்குக் கரையில் நாச்சிக்குடா, வலைப்பாடு பக்கத்தில் கடல் ஆழமற்றது. அங்கே படகுகள் பெரும்பாலும் நீரிலேயே கட்டி நிற்கும், அவற்றின் நோய்களும் வேறு. நான் சொல்வது கிழக்குக் கரையின் கணக்கு.

அலுமினியத்தின் நியாயமும் எங்கள் உப்பும்

அலுமினியத்தைப் பற்றி அந்த உறவினர் எழுதியதில் பெரும்பகுதி உண்மை. சிறு படகின் அடிக்கு 4 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு போதும். அது ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 11 கிலோகிராம் நிறை. அதே இடத்தில் 7 மில்லிமீற்றர் பைபர் போட்டாலும் நிறை கிட்டத்தட்ட அதேயளவுதான் வரும். 22 மில்லிமீற்றர் மரப்பலகையோ, உலர்ந்திருக்கும்போதே 15 கிலோகிராமைத் தொடும். நீர் குடித்த பின் இன்னும் கூடும். கல்லில் மோதினால் அலுமினியம் நெளியுமே தவிர எளிதில் வெடிக்காது, நெளிந்த படகு கரைக்கு வந்து சேரும். வாழ்நாள் முடிந்த பின்னும் பழைய உலோகமாக நல்ல விலைக்குப் போகும். பழைய பைபர் படகை எவரும் வாங்குவதில்லை. அவற்றைக் கரையோரப் பற்றைகளுக்குள் கவிழ்ந்த நிலையில் பார்க்கலாம்.

ஆனால் கனடாவின் ஏரிகள் நன்னீர் ஏரிகள். கடல்நீரில் அலுமினியத்தின் நிலை வேறு. கடலுக்கென்று செய்யப்படும் 5083 போன்ற கலவைத் தகடு உப்பை நன்றாகவே தாங்கும், வர்ணமில்லாமலும் தாங்கும். அதற்கு எதிரி, உப்புநீருக்குள் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் வேறு உலோகம். செம்பு, பித்தளை, ஈயம், ஏன் துருப்பிடிக்காத உருக்கு ஆணிகூட, ஈரத்தில் அலுமினியத்தோடு சேர்ந்திருந்தால் ஒரு சிறு மின்கலம் உருவாகி, அலுமினியம் அரிபடத் தொடங்கும். எங்கள் படகின் அடியில் என்ன கிடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வலையிலிருந்து கழன்ற ஈயக்குண்டு, விளக்குக்கு இழுத்த வயரின் செம்புத் துண்டு, அவற்றின் மேல் நாள் முழுவதும் ஈர வலை. ஒரு ஈயக்குண்டு அடிமூலையில் சிக்கி மாதக்கணக்கில் நனைந்து கிடந்தால், அதன் கீழே வெண்பொடி பூத்துக் குழி விழும். குழி வெளியே தெரிவதற்கு முன்பே தகட்டின் பாதி போயிருக்கும். ஈர வலையும் ஈரப் பலகையும் தகட்டோடு ஒட்டிக் கிடந்தால், காற்றுப் படாத அந்த இடமும் இப்படியே அரிக்கும். செம்பு கலந்த அடிவர்ணத்தை இந்தப் படகுக்குப் பூசவே கூடாது. இவை எல்லாவற்றையும் ஒழுக்கமாகக் கடைப்பிடிக்கலாம், கடைப்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆயினும் ஒரு படகில் நாளுக்கு நாள் ஆட்கள் மாறும் தொழிலில் அந்த ஒழுக்கத்தை எல்லோரிடமும் எதிர்பார்ப்பது கடினம்.

திருத்த வேலைதான் என்னை அலுமினியத்திலிருந்து முற்றாக விலக்கியது. அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படலம் இருக்கும். உலோகம் 660 பாகை செல்சியசில் உருகிவிடும், அந்தப் படலமோ 2000 பாகைக்கு மேலேதான் உருகும். ஆகவே இரும்பை ஒட்டுவது போல ஒட்ட முடியாது. படலத்தைச் சுரண்டி, உப்பையும் எண்ணெயையும் முற்றாக நீக்கி, ஆர்கன் வாயுவின் மறைப்புக்குள்ளே ஒட்ட வேண்டும். கடற்கரைக் காற்று அந்த வாயு மறைப்பை ஊதிக் கலைத்துவிடும். கலைந்தால் ஒட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறையும், அந்த ஒட்டு முதல் பெரிய அலையிலேயே கீறிவிடும். எங்கள் பகுதியில் இரும்புக் கேற்றும் யன்னல் கம்பியும் ஒட்டும் கடைகள் பல உண்டு. அலுமினியத் தகட்டை நீர் கசியாமல் ஒட்டக்கூடிய கருவியும் கையும் வேண்டுமானால் படகை வாகனத்தில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஏற்றுக்கூலியும் காத்திருக்கும் நாட்களும் சேர்ந்தால், ஒரு விரலளவு வெடிப்புக்காக ஒரு குடும்பத்தின் இரண்டு வார வருமானம் போய்விடும். தற்காலிகமாக ஒரு துண்டுத் தகட்டை ரிவெட் அடித்துப் பசை பூசி ஓட்டலாம். அது கரை சேர்வதற்கான வழி, தொழில் செய்வதற்கான வழி அல்ல.

ஓடாவியின் கை

மரத்தின் பக்கம் பேசிய மூத்தவர்களை நான் பழமைவாதிகள் என்று நினைக்கவில்லை. மூன்று பொருள்களிலும் மின்சாரமோ இறக்குமதிப் பொருளோ இன்றித் திருத்தக்கூடியது மரம் ஒன்றுதான். பழுதான பலகையைக் கழற்றி, அதன் அளவிலேயே புதிய பலகை அறுத்து, படகின் விலாச் சட்டங்களான வங்குகளோடு சேர்த்து ஆணியடித்து, இடைவெளியில் பஞ்சுத் திரியை உளியால் செருகிக் கலப்பத்து வைத்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினால் வள்ளம் மீண்டும் கடலுக்குப் போகும். எங்கே பழுது என்பதைக் கத்தி முனையால் குத்தியே அறியலாம். நல்ல மரம் முனையைத் தடுக்கும், உக்கிய மரம் உள்ளே விடும். ஆணியைச் சுற்றிக் கருமை படர்ந்திருந்தால் ஆணி துருப்பிடித்து மரத்தையும் கெடுக்கிறது என்று பொருள். மரம் தன் நோயை மறைப்பதில்லை.

இருந்தும் மரப்படகை இன்று பரிந்துரைக்க என் மனம் துணியவில்லை. முதிரை, பாலை போன்ற வன்னியின் நல்ல மரங்களைத் தறிப்பதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதி வேண்டும். அது சரியான ஏற்பாடுதான், காடு இருக்க வேண்டும். வேம்பும் இலுப்பையும் காணிகளில் கிடைத்தாலும், வளைவான வங்குக்கு ஏற்ற கிளையோடு கிடைப்பது அரிது, கிடைத்தாலும் பல மாதங்கள் உலர வைக்க வேண்டும். கரையில் ஏற்றிவைக்கும் பழக்கமும் மரத்துக்கு இருபுறம் வெட்டும். கரையில் காய்வதால் மரத்தைத் துளைக்கும் கடற்புழு சாகிறது. ஆனால் வைகாசி, ஆனி வெயிலில் பலகைகள் சுருங்கி மூட்டு விலகுகிறது. கடலில் இறக்கிய முதல் நாள் நீர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, மர வேலை தெரிந்த ஓடாவிகள் எங்கள் பக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாகிவிட்டார்கள். போருக்குப் பின் மீள்குடியேறியவர்களுக்கு உதவியாகக் கிடைத்த படகுகள் பெரும்பாலும் பைபர் படகுகள். அதனால் ஓடாவியின் மகனும் பைபர் வேலையையே கற்றான். பொருள் நல்லது என்றாலும் அதைத் திருத்தும் கை அருகிக்கொண்டு போகும்போது, புதிய படகை அதில் கட்டுவது அடுத்த தலைமுறைக்குச் சுமை.

உரித்தெடுக்கப்பட்ட ஒட்டு

இப்படிக் கழித்துப் பார்த்தால் பைபர் மட்டும் மிஞ்சும். ஆனால் நான் பைபருக்கு முழு மனதோடு ஒத்துக்கொண்டது, அதன் மோசமான திருத்தம் ஒன்றைப் பார்த்த பிறகுதான் என்பது விந்தையாகத் தோன்றலாம். எங்கள் அயலவர் ஒருவரின் 19 அடிப் படகு நீர் கசிந்துகொண்டே இருந்தது. ஏராவில் ஏற்கனவே ஒட்டுப் போட்டிருந்தார்கள், பார்வைக்கு அது வழவழப்பாக இருந்தது. முன்னர் மரவேலை செய்து பின்னர் பைபருக்கு மாறிய முதிய ஓடாவி ஒருவரை அழைத்து வந்தோம். அவர் ஒரு சிறு சுத்தியலால் ஏரா நெடுகிலும் மெல்லத் தட்டிக்கொண்டு போனார். நல்ல இடத்தில் ஓசை கணீரென்று வந்தது, ஒட்டின் மேல் மந்தமாகச் செத்து விழுந்தது. பின்பு உளியின் முனையை ஒட்டின் ஓரத்தில் நுழைத்து நெம்பினார். அந்த ஒட்டு முழுவதும், வாழைப்பட்டை உரிவது போல, ஒரே துண்டாக உரிந்து வந்தது. அதன் உட்புறத்தில் பழைய நீல வர்ணம் அப்படியே ஒட்டியிருந்தது.

"தம்பி, இவங்கள் படகில ஒட்டேல்லை, பெயின்ரில ஒட்டியிருக்கிறாங்கள்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் பைபரின் நோய் முழுவதும் அடங்கியிருக்கிறது. படகைக் கட்டும்போது ஈரமான ரெசின் அடுக்கின் மேல் அடுத்த அடுக்கு விழுவதால் இரண்டும் இரசாயன ரீதியில் ஒன்றாகின்றன. ஆண்டுக்கணக்கில் இறுகிய படகின் மேல் புதிய ரெசின் பூசும்போது அது நடப்பதில்லை. புதியது பழையதின் சொரசொரப்பைப் பற்றிப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். வர்ணம், மெழுகு, எண்ணெய், உப்பு, ஈரம் ஆகியவற்றில் எது நடுவில் இருந்தாலும் பிடி கிடையாது. பைபரைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒட்டுகளைத்தான் குறை சொல்கிறார்கள்.

அந்தப் படகைத் திருத்திய முறையை விரிவாகவே எழுதுகிறேன். தேய்ந்து பழுதான இடம் ஏறத்தாழ 60 சதமமீற்றர் நீளம், 15 சதமமீற்றர் அகலம். அங்கே பைபரின் தடிப்பு 8 மில்லிமீற்றர். முதலில் நன்னீரால் பலமுறை கழுவி, நிழலில் உலர விட்டோம். உலர்ந்ததா என்பதை அறிய ஓடாவி ஒரு பொலித்தீன் துண்டை அந்த இடத்தின் மேல் வைத்து, நான்கு ஓரத்தையும் ரேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டிவிட்டார். மறுநாள் உட்புறத்தில் நீர்த்துளி படிந்திருந்தது. ஆகவே மேலும் சில நாள் காத்திருந்தோம். துளி படியாத நாளில்தான் கிரைண்டரைக் கையில் எடுத்தார். பழுதைச் சுற்றிலும் பழைய பைபரைச் சரிவாக அரைத்தெடுக்க வேண்டும். சரிவின் அகலம் தடிப்பைப் போல் 12 மடங்கு என்பது பொதுவான அளவு. 8 மில்லிமீற்றருக்கு அது சுமார் 10 சதமமீற்றர். ஆகவே 60க்கு 15 ஆக இருந்த காயம் அரைத்து முடிந்தபோது 80க்கு 35 ஆகப் பரந்திருந்தது. படகுக்காரர் பதறிப்போனார். சிறிய ஓட்டைக்கு இவ்வளவு பெரிய காயமா என்று யாருக்கும் தோன்றும், அதனால்தான் பலர் அரைக்காமலே ஒட்டுகிறார்கள். ஆனால் வலு முழுவதும் அந்தச் சரிவின் பரப்பில்தான் இருக்கிறது.

அரைத்த தூசியைத் துடைத்து, அசற்றோன் தோய்த்த துணியால் ஒருமுறை துடைத்தபின், கண்ணாடியிழைப் பாயை அளவுக்கு வெட்டினார். சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள பாய் ஒரு அடுக்குக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்புத் தரும். ஆகவே எட்டு அடுக்குகள். எல்லாத் துண்டுகளையும் சேர்த்தால் பாய் 650 கிராம் அளவில் வந்தது. பாயின் நிறையைப் போல் இரண்டரை மடங்கு ரெசின் வேண்டும் என்பதால், வீணாவதையும் சேர்த்து 2 கிலோகிராம் எடுத்துக்கொண்டோம். அரைக் கிலோகிராம் ரெசினுக்கு, அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் 5 மில்லிலீற்றர், அதாவது நூற்றுக்கு ஒன்று. வெயிலில் ரெசின் வாளிக்குள்ளேயே இறுகிவிடுகிறது என்று ஹார்ட்னரை இதற்குக் கீழே குறைப்பவர்கள் உண்டு. அப்போது ரெசின் இறுகியது போலத் தோன்றுமே தவிர உள்ளே முழுமையாக முற்றாது. ஓடாவி அளவைக் குறைக்கவில்லை, நேரத்தை மாற்றினார். வெயில் தாழ்ந்த பின், சிறிது சிறிதாகக் கலந்து பூசினார். இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் கலக்காத ரெசினாக இருந்தால், கோபால்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே ஹார்ட்னரைச் சேர்க்க வேண்டும். கோபால்டையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். இதைப் படகுக்காரரின் பிள்ளைகள் அருகே நின்றபோது அவர் மூன்று முறை சொன்னார்.

ஒவ்வொரு அடுக்கையும் உருளையால் உருட்டிக் காற்றை வெளியேற்றினார். நன்றாக நனைந்த பாய் கண்ணாடி போல ஒளி புகவிடும். எங்காவது வெள்ளையாகத் தெரிந்தால் அங்கே காற்று நிற்கிறது. நான்கு அடுக்கு முடிந்ததும் நிறுத்திச் சூடு ஆறும் வரை காத்திருந்தார். ரெசின் இறுகும்போது வெப்பத்தை வெளியிடும், எட்டையும் ஒரேயடியாகப் போட்டால் நடுப்பகுதி வெந்து வெடிக்கும். நீர் உலரக் காத்திருந்த நாட்களை விட்டுவிட்டால், வேலை மொத்தமாக இரண்டு நாட்களுக்குள் முடிந்தது. தேவைப்பட்ட கருவிகள் ஒரு கிரைண்டர், ஒரு உருளை, ஒரு தராசு, ஒரு அளவுக்குவளை. அலுமினியத்துக்கு இத்தனை எளிய பதில் இல்லை.

மழைக்காலமும் மண்ணெண்ணெயும்

பைபரின் உண்மையான இடைஞ்சலை அந்தக் காத்திருப்பே எனக்குக் காட்டியது. எங்கள் கரையில் ஐப்பசியில் தொடங்கி வாடைக்காற்றும் மழையும் வரும்போது கடல் கொந்தளிக்கும், படகுகள் பல நாட்கள் கரையில் கிடக்கும். திருத்துவதற்கு நேரம் கிடைப்பது அப்போதுதான், ஆனால் ஈரம் உலராததும் அப்போதுதான். ஈரத்தோடு ஒட்டிய ஒட்டுகள் தைப்பொங்கலுக்குப் பின் கடலில் கழன்று போகின்றன. ஆகவே புரட்டாதிக்குள் சுத்தியலால் தட்டிப் பார்த்து, பழுதைக் கண்ட படகை மழைக்கு முன்பே திருத்திவிட வேண்டும். முடியாவிட்டால், நான்கு பக்கமும் காற்றோட்டமுள்ள ஒரு தகரக் கொட்டிலுக்குள் படகைக் கவிழ்த்து உலர வைக்க வேண்டும். வந்த பணத்தில் ஒரு பகுதியை அந்தக் கொட்டிலுக்கு ஒதுக்க வேண்டும் என்று சங்கத்தில் நான் வாதாடினேன், இன்றும் வாதாடுவேன்.

செலவைப் பொறுத்தவரை, 2022ஆம் ஆண்டு எங்களுக்கு மறக்க முடியாத பாடம். ரூபாவின் மதிப்பு விழுந்தபோது இறக்குமதியாகும் ரெசினும் பாயும் அலுமினியத் தகடும் ஒன்றாகவே விலையேறின. அதே ஆண்டு ஆகஸ்டில் எங்கள் படகு இயந்திரங்களுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. அதன்பின் படகின் நிறை என்பது ஒவ்வொரு நாளும் பணமாகத் தெரிந்தது. நீர் குடித்த மரவள்ளம் அந்தக் கணக்கில் பின்தங்குகிறது. பைபரும் அலுமினியமும் நிறையில் சமம் என்றாலும், தட்டுக்குக் கீழே மிதவைக்காக வைத்த நுரை நீர் குடித்துவிட்டால் பைபரும் பாரமாகிவிடும். வழமையான பாரத்தோடு போகும் படகு நீரில் முன்பைவிடத் தாழ்ந்து மிதந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த நுரையைத்தான்.

கட்டுபவரிடம் கேட்டவை

இறுதியில் சங்கம் பைபரையே தேர்ந்தது. ஆனால் கடையில் நிற்கும் படகை அப்படியே எடுத்துவரவில்லை. காரைநகரில் சீநோர் படகுத் தளம் தொடங்கிய காலத்திலிருந்தே வடக்கில் பைபர் படகு கட்டும் கைகள் உண்டு, கேட்டால் செய்து தருவார்கள் என்று ஓடாவி சொன்னதால், நாங்கள் சிலவற்றைக் கேட்டோம். ஏரா நெடுகிலும் சாதாரண அடுக்குகளுக்கு மேலதிகமாக மூன்று அடுக்குகள் போட வேண்டும். இயந்திரம் பூட்டும் பின்பலகைக்குள் வைக்கும் ஒட்டுப்பலகையின் ஓரங்கள் எங்கும் திறந்து இருக்கக்கூடாது, இயந்திர ஆணிக்குத் துளையிட்டதும் அத்துளையின் உட்சுவரிலும் ரெசின் பூச வேண்டும். பைபர் படகின் உள்ளே உக்கக்கூடிய மரம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது, அந்த மரம் உக்கினால் வெளியே எதுவும் தெரியாது. இயந்திரத்தின் தலையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது பின்பலகையும் சேர்ந்து அசைந்தால், அல்லது ஆணித் துளையிலிருந்து பழுப்பு நீர் வழிந்தால், உள்ளே பலகை போய்விட்டது என்று அறியலாம்.

ஏராவின் அடியில் பாலை மரச் சட்டம் ஒன்று பூட்டக் கேட்டோம். மணலில் தேய வேண்டியது பைபர் அல்ல, அந்தச் சட்டம். அதைப் பூட்டும் திருகாணிகள் ஏராவின் தடிப்புக்குள்ளேயே நிற்க வேண்டும், படகின் உள்ளே ஊடுருவக்கூடாது. திருகாணிகளின் தலை மரத்துக்குள் ஒரு சதமமீற்றர் ஆழத்தில் அமிழ்ந்திருக்கும். தேய்ந்து தேய்ந்து அந்தத் தலைகள் மணலைத் தொடத் தொடங்கும் போது, பழைய சட்டத்தைக் கழற்றி, துளைகளை ரெசினால் அடைத்து, புதிய சட்டத்தைச் சற்று விலகிய இடங்களில் துளையிட்டுப் பூட்ட வேண்டும். அந்த வேலைக்கு இன்னும் ஓடாவியைத்தான் கூப்பிடுகிறோம்.